சனிக்கிழமை சீசன் மீட்டிங்: டைம், டாபிக், யார் பேசுறது, என்ன கொண்டு வரணும்

எல்லாருக்கும் வணக்கம்,

வர்ற சனிக்கிழமை மே 2, காலைல 10 மணிக்கு கேன்டீன் ஷெட்ல மாங்கா சீசன் மீட்டிங். 11:40க்கு முடிச்சிடுவோம், அதுக்கு மேல இழுக்க மாட்டேன், பர்கூர் பக்கம் போறவங்க பஸ்ஸுக்கு ஓடணும்னு எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மே தினம் லீவு, அதனால மெயிலை இன்னிக்கே அனுப்புறேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவையாவது படிச்சிடுங்க, அன்னிக்கு வந்து நின்னுட்டு "எனக்கு மெயிலே வரல"ன்னு யாரும் சொல்லாதீங்க.

முதல்ல பாஷை விஷயம். நம்ம டீம்ல தமிழ் இருக்கு, குப்பம் பக்கத்துல இருந்து வர்றவங்க தெலுங்கு, தளி ஆளுங்க கன்னடம், பீகார்ல இருந்து வந்திருக்கிற தம்பிங்க ஹிந்தி, சாதிக் பாய் வீட்ல உருது. போன வருஷ மீட்டிங்ல நானே ஒன்றரை மணி நேரம் தமிழ்ல பேசினேன், எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சு டீ குடிக்க போயிட்டேன். அது எங்க போய் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஜூலைல முருகேசன் அண்ணா போன்ல "எட்டாம் ரூமை திறங்க"ன்னு சொன்னார், ரமணா காரு காதுல அது "ஏடு"ன்னு விழுந்துச்சு, தெலுங்குல ஏடுன்னா ஏழு. ஏழாம் ரூம் காய் ரெண்டு நாள் முன்னாடியே கட்டிங் டேபிளுக்கு வந்துச்சு, உள்ள வெள்ளையா இருந்துச்சு, பிரிக்ஸ் 11 கூட தாண்டல. ரமணா காரு மேல தப்பே இல்ல, அந்த சத்தத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஹிந்தில ஏழு எட்டு ரெண்டும் சாத், ஆட்னு வருது, மெஷின் ஓடும்போது அதுவும் ஒண்ணாத்தான் கேக்குது. இன்னொண்ணு, ஹிந்தில "கல்"னா நேத்தும் அதுதான் நாளைக்கும் அதுதான், நமக்கு கல்லுன்னா கார்பைட் கல்லு ஞாபகம் வருது, கேக்கவே வேண்டாம்.

அதனால இந்த தடவை ஒவ்வொரு டாபிக்கும் ஒருத்தர் பேசுவாங்க, அவங்க ரெண்டு நிமிஷம் பேசிட்டு நிறுத்தணும், சாதிக் பாய் ஹிந்திலயும் ரமணா காரு தெலுங்குலயும் சொல்லுவாங்க, மஞ்சுநாத் கன்னடத்துல பக்கத்துல உக்காந்து சொல்லிடுவார். ரமணா காரு அவரோட சொந்த டாபிக்கை பேசும்போது தெலுங்குல ஆரம்பிக்கட்டும், நான் தமிழாக்கிடுறேன். ஒவ்வொரு டாபிக் முடிஞ்சதும் நான் கேள்வி கேட்க மாட்டேன், யாராவது ஒரு ஆளை கூப்பிட்டு "என்ன சொன்னாங்க, உங்க பாஷைல சொல்லுங்க"ன்னு கேப்பேன். யாரையும் அவமானப்படுத்த இல்ல, தப்பா சொன்னா நாங்க சரியா சொல்லலைன்னு அர்த்தம்.

இப்ப டைம்.

10:00ல இருந்து 10:10 வரைக்கும் டீ, அட்டெண்டன்ஸ். பெங்களூர்ல இருந்து பிரியா மேடம் கூகுள் மீட்ல சேருவாங்க, லிங்க் மெயிலோட காலண்டர்ல இருக்கு. அவங்களுக்கு தமிழ் புரியும், பேச வராது, அதனால இங்கிலீஷ்ல பேசுவாங்க, பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம்தான்.

10:10க்கு முருகேசன் அண்ணா, கொள்முதல். என்ன காய் எப்போ வரும், எந்த தோட்டம், மண்டில எவ்வளவு எடுக்குறோம். செந்தூராவும் அல்போன்சாவும் முன்னாடி வந்திடும், நம்ம பெரிய வேலை பெங்களூரா மாங்காதான், ஜூன்ல லாரி வரிசையா நிக்கும். அண்ணா, நீங்க வாய்ல சொல்ற தேதி எல்லாம் சார்ட்ல எழுதி ஒட்டிடுங்க, நம்பர்ல, "அடுத்த செவ்வாய்"ன்னு மட்டும் சொல்லாதீங்க. பிரியா மேடம் இதுலயே கஸ்டமர் ஆர்டர் எவ்வளவு, டிரம் எவ்வளவு டின் எவ்வளவுன்னு சொல்லிடுவாங்க. மொத்தம் 15 நிமிஷம்.

10:25ல இருந்து 10:50 வரைக்கும் பழுக்க வைக்கிறது, இதுக்குத்தான் அதிக நேரம் வச்சிருக்கேன். ரமணா காரு பேசுறார். எத்திலீன் கேஸ் அளவு, ரூம் மூடுற நேரம், காத்து விடுற நேரம். எத்திலீன் 100 பிபிஎம்க்கு மேல போகக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லுது, மீட்டரை பார்த்துத்தான் விடணும், மூக்கை நம்பி இல்ல. ரூமை நேரத்துக்கு திறக்கலைன்னா காயே விடுற கார்பன் டை ஆக்சைடு உள்ள சேந்து பழுக்குறது மந்தமாயிடும், அது மட்டும் இல்ல, திறந்த உடனே தலையை உள்ள விட்டா மயக்கமே வரும், கதவை திறந்து வச்சு காத்து போனதுக்கப்புறம்தான் உள்ள போகணும். எத்திலீன் எரியிற கேஸ், ரூம் பக்கம் பீடி சிகரெட் கிடையாது, இதை எல்லா பாஷைலயும் ரெண்டு தடவை சொல்லுங்க. கார்பைட் கல்லு சட்டப்படி தடை, காரணமும் சொல்லிடுங்க, கல்லுல ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், யாராவது வியாபாரி "சீக்கிரம் பழுக்கும் தம்பி"ன்னு பொட்டலம் நீட்டினா வாங்காதீங்க, என்கிட்ட சொல்லுங்க. கார்பைட் போட்டு வந்த காய் மேல மஞ்சளா இருக்கும் உள்ள ருசியே இருக்காது, சரோஜா அக்கா கட்டிங் டேபிள்லயே கண்டுபிடிச்சிடுவாங்க, அவங்களை விட நல்ல மெஷின் நம்மகிட்ட இல்ல.

அதோட ரூம் நம்பர் விஷயம். 1ல இருந்து 8 வரைக்கும் எல்லா கதவுலயும் பெருசா நம்பரும் ஒரு கலரும் அடிச்சாச்சு, 7 பச்சை, 8 சிவப்பு. இனிமே ரூமை போன்ல சொல்லி திறக்கக்கூடாது, துண்டுச்சீட்டுல நம்பர் எழுதி கையெழுத்து போட்டு அனுப்பணும். அவசரமா இருந்தா வாட்ஸ்அப்ல கதவோட போட்டோ. இதை யாருக்கும் கஷ்டமா இருந்தா சனிக்கிழமையே சொல்லுங்க, சீசன் நடுவுல சொல்லாதீங்க.

10:50க்கு நான் குவாலிட்டி பேசுறேன், 15 நிமிஷம். பிரிக்ஸ் 14க்கு குறையக்கூடாது, பிஎச் நம்ம லிமிட் 4.2. 4.6க்கு மேல போனா சில கிருமி வளர இடம் கிடைக்கும், டின்னுக்குள்ள காத்து கூட இல்லாம வளர்ற வகை, அதனாலதான் அந்த நம்பருக்கு கிட்டயே போகாம நிக்கிறோம். ரிஃப்ராக்டோமீட்டரை தண்ணில ஜீரோ பாக்காம யாரும் ரீடிங் எழுதக்கூடாது, நேரம் இருந்தா ரெண்டு பேரை விட்டு பண்ணி பார்ப்போம்.

11:05ல இருந்து 11:25, சாதிக் பாய், கிளீனிங்கும் காஸ்டிக்கும். பாய், உங்க பாயிலர் கதையை வேற நாளைக்கு வச்சிக்கலாம், இது மட்டும் தெளிவா சொல்லிடுங்க: தண்ணில தான் காஸ்டிக்கை போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக்கூடாது, ஊத்தினா சூடாகி முகத்துல தெறிக்கும். கண்ணாடி, கை உறை, பூட்ஸ் போடாம லைன் கழுவுற ஆளை வேலைக்கே விடாதீங்க, அது யாரா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும். கண்ணுல பட்டா குறைஞ்சது 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டே இருந்துட்டு உடனே ஆஸ்பத்திரி. பாயே ஹிந்தில பேசினா நல்லது, கழுவுற வேலைல பாதி பேர் பீகார் தம்பிங்க, தமிழை நான் பாத்துக்குறேன். அந்த டீம் மேஸ்திரி ராஜேஷ் கடைசில எழுந்து அவங்க சைடுல இருந்து என்ன வேணும்னு சொல்லட்டும். போன வருஷம் அவங்களுக்கு பெரிய சைஸ் பூட்ஸ் கிடைக்காம செருப்போட கழுவினாங்கன்னு எனக்கு சீசன் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சது, ஏன்னா கேக்க யாருக்கும் பாஷை இல்ல.

11:25க்கு மஞ்சுநாத், பேக்கிங். டிரம் 215 கிலோ, லேபிள்ல பேட்ச் நம்பரும் தேதியும் ரெண்டு தடவை பாக்கணும், அஞ்சு நிமிஷம் போதும். அப்புறம் சரோஜா அக்கா, கொட்டையும் தோலும் குமியுற இடத்துல ஈ. போன வருஷம் ஊர்க்காரங்க வந்து கேட்டாங்க, நியாயம்தான், நாமளே அந்த பக்கம் மூக்கை பிடிச்சுட்டுத்தான் போனோம். குப்பை வண்டி தினமும் ஒரு தடவை எடுக்கணுமா ரெண்டு தடவையா, இதுல எனக்கு முடிவு வேணும். கடைசி அஞ்சு நிமிஷத்துல ஷிப்ட் லிஸ்ட் மட்டும் பாக்குறோம். கூலி பேச்சு இந்த மீட்டிங்ல இல்ல, அதுக்கு ஆபீஸ்ல திங்கள் மே 4 சாயங்காலம் தனியா நேரம் கேட்டிருக்கேன், தயவு செஞ்சு இங்க ஆரம்பிக்காதீங்க, ஆரம்பிச்சா பழுக்க வைக்கிறதே அழுகிடும்.

கொண்டு வர வேண்டியது: முருகேசன் அண்ணா தோட்ட லிஸ்ட்டும் சார்ட் பேப்பரும். ரமணா காரு போன சீசன் ரூம் நோட்டு, அந்த நீல அட்டை நோட்டு. சாதிக் பாய் ஒரு செட் கண்ணாடி, கை உறை, போட்டு காட்டணும். மஞ்சுநாத் ஒரு காலி லேபிள் ரோல். நான் ரிஃப்ராக்டோமீட்டர், மார்க்கர், ப்ரொஜெக்டர் எல்லாம் எடுத்துட்டு வந்துடுறேன், கரண்டு போனா சார்ட்லயே பேசுவோம்.

மெயில்ல மூணு ஃபைல் வச்சிருக்கேன். `season_plan.pdf` எல்லாரும் பாக்கணும், அதுல படமும் நம்பரும்தான், எழுத்து கம்மி. `agenda_hindi.m4a` சாதிக் பாய் குரல், `agenda_telugu.m4a` ரமணா காரு குரல், ரெண்டும் நாலு நாலு நிமிஷம். மெயில் பாக்காத ஆளுங்களுக்கு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடுங்க, ராஜேஷ், உங்க ரூம்ல ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேட்டாங்களான்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. கன்னடத்துல ரெக்கார்ட் பண்ண நேரம் இல்ல, மஞ்சு, தளி ஆளுங்க நாலு பேருக்கும் நேர்ல சொல்லிடுங்க.

பேசுறவங்க ஆறு பேரும் (பிரியா மேடம், அண்ணா, காரு, பாய், மஞ்சு, அக்கா) "ஓகே"ன்னு ஒரு வார்த்தை வியாழக்கிழமை 5 மணிக்குள்ள ரிப்ளை போடுங்க, டைம் மாத்தணும்னா அதுக்குள்ளயே சொல்லுங்க.

அன்போட
மேகலா
குவாலிட்டி

பி.கு: மத்தியானம் சாப்பாடு உண்டு, ஆனா தலைக்கு கணக்கு வேணும். அக்கா, உங்க டேபிள்ல எத்தனை பேர் வர்றாங்கன்னு நாளைக்கே எனக்கு எண்ணிச் சொல்லிடுங்க, விரல் காட்டாதீங்க, எழுதி கொடுங்க.