2016 நவம்பர்: தஞ்சாவூர் வீட்டுச் சமையலறைக் காலண்டர், பார்த்து எழுதியது

ஜவுளிக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர். மேலே மயில் மேல் முருகன், கீழே கட்டங்கள். வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து வீட்டுக் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைப்பது அம்மாவின் வழக்கம், அதனால்தான் இது கிடைத்தது. மடிப்பில் 16, 17 தேதிகள் லேசாகத் தேய்ந்திருக்கின்றன.

நீல மை அம்மா, சிவப்பு மை அப்பா. எழுத்தை அப்படியே விட்டிருக்கிறேன், திருத்தவில்லை. சதுர அடைப்புக்குள் இருப்பது என் குறிப்பு. "பா" என்றால் பால். தினமும் ஒரு லிட்டர், மாறினால் மட்டும் எழுதுவார். அப்பா மழை பெய்த நாளில் ஒரு துளி வரைவார். இந்தத் தாளில் துளிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

தலைப்பில் அச்சானது: நவம்பர் 2016. துர்முகி வருடம், ஐப்பசி – கார்த்திகை.

1ஆம் தேதிக்கு முன்னால் இருக்கும் இரண்டு வெற்றுக் கட்டங்கள் (ஞாயிறு, திங்கள்)
அம்மா, மிகப் பொடியாக:
500 × 23 = 11,500
1000 × 4 = 4,000
ஆக 15,500
"பருப்பு டப்பா, பட்டுப்புடவை அடி, சாமி அலமாரி."
[கட்டம் மாத ஆரம்பத்தில் இருந்தாலும், எழுதியது 8ஆம் தேதி இரவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இதைச் சுவரில் எழுதியிருக்க மாட்டார். 15,500ஐச் சுற்றி அப்பா சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் "?!" என்று எழுதியிருக்கிறார். தேதி போடவில்லை.]

1 செவ்வாய் (ஐப்பசி 16)
"பால் பாக்கி தீர்ந்தது." அப்பா: "பென்ஷன் எடுத்தது 10,000. எல்லாம் ஐநூறு."

2 புதன்
"பா ½ கூட. அக்கா வருகை."

3 வியாழன்
ஒரு துளி. "தூறல்தான்" என்று அப்பாவே கீழே அடக்கி எழுதியிருக்கிறார்.

4 வெள்ளி
[காலி.]

5 சனி (அச்சு: சூரசம்ஹாரம்)
"விரதம். பா ½ போதும்."

6 ஞாயிறு
"அக்கா ஊருக்குக் கிளம்பினாள். டிபன் கேரியர் அவளிடம்." [அடிக்கோடு இரண்டு. மாதம் முழுக்க கேரியர் திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை.]

7 திங்கள்
அப்பா: "வயலுக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணி முழங்கால்கூட இல்லை. கடைமடைக்கு எப்படிப் போகும்."

8 செவ்வாய்
அம்மா, காலையில்: "மளிகை லிஸ்ட் கொடுக்கணும். து.பருப்பு, வெல்லம், நல்லெண்ணெய்."
அப்பா, குறுக்காக, பேனாவை அழுத்தி: "இரவு 8 மணி டி.வி. 500, 1000 செல்லாது. நள்ளிரவு முதல்."
[அம்மாவின் நல்லெண்ணெய் மேலேயே சிவப்பு மை ஓடுவதால் அந்தச் சொல் அரைகுறையாகத்தான் தெரிகிறது.]

9 புதன் (அச்சு: சதயம்)
"சதய விழா. பெரிய கோயில் போகலை. கையில் செல்லுற காசு 30 ரூ." அப்பா: "பேங்க் இல்லை. ஏ.டி.எம். இல்லை."

10 வியாழன்
அப்பா: "பேங்க் திறந்தது. தெருமுனை வரை வரிசை. திரும்பிவிட்டேன்."

11 வெள்ளி
"காலை 7 மணிக்குப் போய் 1 மணிக்கு மாற்றியது 4,000. ஆதார் நகல் வேணும். இரண்டே தாள், ரோஸ் கலர்." பக்கத்தில்: "மீதி 11,500."
[அம்மா தனியாகப் போயிருக்கிறார். அப்பாவின் கையெழுத்து இந்தக் கட்டத்தில் இல்லை.]

12 சனி
"சிலிண்டர் மாட்டியது. பழைய ஐநூறு ஒண்ணு வாங்கிக்கிட்டான், மேல்சில்லறை நான் கொடுத்தேன். மீதி 11,000."

13 ஞாயிறு
"2000க்கு ஒருத்தரும் சில்லறை தரலை. காய்க்காரி கடன்: 45."

14 திங்கள் (அச்சு: பௌர்ணமி, அன்னாபிஷேகம்)
"கோயில் போனோம். உண்டியலில் போட ஒரு ரூபாய் தேடினேன்." "காய் 45 + 30."

15 செவ்வாய்
"சீட்டுக்காரம்மா பழசு வேண்டாங்கிறா. அடுத்த மாசம் சேர்த்துக் கொடுக்கச் சொன்னா." "பால்காரர் நல்ல மனுஷன், பழைய ஐநூறு இரண்டு வாங்கிக்கிட்டார். மீதி 10,000."

16 புதன் (கார்த்திகை 1)
"எதிர்வீட்டுப் பையன் மாலை போட்டான். தேங்காய் 1 கொடுத்தேன்." அப்பா: "பேங்கில் விரலில் மை வைப்பார்களாம். சனிக்கிழமை ஓட்டு இருக்கே? எந்த விரல்?"

17 வியாழன்
அப்பா: "மாற்றுவது நாளை முதல் 2,000தான். கல்யாண வீட்டுக்கு இரண்டரை லட்சம் எடுக்கலாம், பத்திரிகை காட்டணுமாம்." [மடிப்பு. அதன் கீழே ஒரு வரி படிக்க முடியவில்லை, "சம்பந்தி" என்ற சொல் மட்டும் தெரிகிறது.]

18 வெள்ளி
"கரண்ட் பில் 1,480. மூணு ஐநூறு கொடுத்து 20 மீதி வாங்கினேன். மீதி 8,500."

19 சனி
அப்பா: "இடைத்தேர்தல். காலை 9. இருவரும் போட்டாச்சு. இடது விரல்." [தஞ்சாவூரோடு அன்று அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றத்திலும் வாக்குப்பதிவு.]

20 ஞாயிறு
"கும்பகோணம் கல்யாணம். மொய் 501, நூறு நூறாகச் சேர்த்தது. பா வேண்டாம்." இன்னொரு மூலையில்: "பந்தியில் இலைக்கு ஒரு வடைதான்."

21 திங்கள்
அப்பா: "ஏ.டி.எம். 2,000. ஒரே தாள். மறுபடி அதே கதை."

22 செவ்வாய்
அப்பா: "ஓட்டு எண்ணிக்கை. பாலமுரளி போய்விட்டார்." [பாலமுரளிகிருஷ்ணா. தேர்தல் முடிவு என்ன என்று அப்பா எழுதவில்லை.]

23 புதன்
"என் பாஸ்புக்கில் 8,500 கட்டினேன்." அப்பா, அதே வரியைத் தொடர்ந்து: "நான் 12,000. பதிவு போட்டாச்சு."
[மேலே இருக்கும் "?!" இந்த நாளுடையதாகத்தான் இருக்க வேண்டும். பாஸ்புக்கில் பதிவு போட்ட பிறகு பருப்பு டப்பாவை மறைக்க முடியாது. 4,000, 500, 1,000, 1,500, 8,500: கூட்டிப் பார்த்தேன், 15,500 சரியாக வருகிறது. அம்மா ஒரு ரூபாயும் விடவில்லை.]

24 வியாழன்
அப்பா: "மாற்றுவது இன்றோடு சரி. இனி கணக்கில் கட்டத்தான் முடியும்."

25 வெள்ளி
"காய் கடன் 210 தீர்த்தேன். 2000 கொடுத்து மீதிக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்தா பாவம்."

26 சனி
[காலி. காபிக் கறை, வட்டமாக.]

27 ஞாயிறு
அப்பா: "மழை இல்லை. நாற்று மஞ்சள்."

28 திங்கள்
"பா ½ கூட. அவருக்குச் சளி, மிளகுப்பால்."

29 செவ்வாய் (அச்சு: அமாவாசை)
"வாழைக்காய், பயத்தம்பருப்புப் பாயசம். வெல்லம் பத்தலை."

30 புதன்
இரண்டாவது துளி, பெரிதாக, ஆனால் உள்ளே நிரப்பாமல். அப்பா: "நாடா புயல். காரைக்கால் பக்கம் வரும் என்கிறான். வந்தால் பயிர் பிழைக்கும்." அம்மா: "மெழுகுவத்தி 2. மாடித் துணி எடுக்கணும்."

கடைசி மூன்று வெற்றுக் கட்டங்கள் (வியாழன் முதல் சனி வரை)
அம்மா: "டிசம்பர் சீட்டு 2 மாசம் சேர்த்து 2,000." பக்கத்திலேயே, "அந்த ஒரே தாளைக் கொடுத்துடலாம்" என்று எழுதி, அடியில் கோடு.
அப்பா: "நாளை பென்ஷன் தேதி. 6 மணிக்கே வரிசையில் நிற்கணும். பாஸ்புக், ஆதார், மூக்குக்கண்ணாடி, குடை."