தோல்மடிப்பு அளவு: ஹாக்கி அணிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கோவில்பட்டி
11.07.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி ஹாக்கி அணியில் ஆடும் 23 பிள்ளைகளுக்கும் (பையன்கள் 14, பெண்பிள்ளைகள் 9) இந்த வாரம் செவ்வாயும் புதனும் காலையில் காலிப்பர் கருவியால் தோல்மடிப்பு அளவு எடுத்தோம். ஜூன் மாதம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதச் சீட்டு இதற்காகத்தான். உங்கள் பிள்ளையின் அளவு, இந்தக் கடிதத்தோடு ஒட்டிய உறைக்குள் தனிச் சீட்டில் இருக்கிறது. சீட்டைப் பிரிக்கும் முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையிடம் கொடுக்காமல் வீட்டில் வேறு பெரியவர் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சீட்டில் இருப்பது மதிப்பெண் கிடையாது. அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்பதை அந்த எண்ணை வைத்து நான் முடிவு செய்யப் போவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு இறுதிப் போட்டி போனதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதை மனதில் வைத்து இரண்டு மூன்று பேர் என்னிடம், “சார், எடை கூடினா பிள்ளைய ஆடவிட மாட்டாங்களா?” என்று கேட்டீர்கள். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு உண்டு, ஹாக்கியில் கிடையாது. எந்த எடையிலும் ஆடலாம்.

அப்புறம் எதற்கு அளந்தோம்? வளரும் பிள்ளை போதுமான அளவு சாப்பிடுகிறதா, நான் கொடுக்கும் பயிற்சியை அந்த உடம்பு தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். எடை மெஷின் மொத்த எடையை மட்டும் சொல்லும். எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆறு மாதத்தில் 4 கிலோ கூடிய பையனுக்கு அது தசையாகக் கூடியதா என்று பார்க்க, நம் கைக்கு எட்டிய மலிவான வழி காலிப்பர்.

எப்படி அளந்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து “கிள்ளிப் பார்த்தாங்க” என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். வலது கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து முழங்கை முனை வரை டேப் வைத்து, நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தோம். மேல்கையின் பின்பக்கம் அந்தப் புள்ளிக்குச் சற்று மேலே தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து, மடிப்பில் காலிப்பரை வைத்து, இரண்டு எண்ணியதும் முள் காட்டியதைக் குறித்தோம். அடுத்தது வலது கெண்டைக்கால். காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லி, சதை நன்றாகத் திரண்டிருக்கும் இடத்தில் உள்பக்கம் அதேபோல் அளந்தோம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. 9, 9.5, 9 என்று வந்தால் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வரும் 9-ஐ எடுத்துக்கொண்டோம். ஓடி வியர்த்த பிறகு அளந்தால் கணக்கு மாறும் என்பதால் பயிற்சி தொடங்கும் முன்பே, காலை 6 மணிக்கு அளந்தோம்.

பெண்பிள்ளைகளுக்கு அளந்தது நம் பள்ளி அறிவியல் ஆசிரியை. கதவு சாத்திய அறையில், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய ஒரு தோழியைக் கூட வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்போம். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இனி கணக்கு. இரண்டு இடத்து மில்லிமீட்டரையும் கூட்டி, வளரும் பிள்ளைகளுக்கென்றே உள்ள சூத்திரத்தில் போட்டால் உடம்பில் கொழுப்பு சுமாராக எத்தனை சதவீதம் என்று வரும்.

பையன்கள்: (மேல்கை + கெண்டைக்கால்) × 0.735 + 1.0
பெண்பிள்ளைகள்: (மேல்கை + கெண்டைக்கால்) × 0.610 + 5.1

ஒரு பையனுக்கு மேல்கை 9, கெண்டைக்கால் 11 என்றால் கூட்டினால் 20. 20-ஐ 0.735 ஆல் பெருக்கி 1 கூட்டினால் 15.7 சதவீதம். ஒரு பெண்பிள்ளைக்கு 14-ம் 16-ம் சேர்த்து 30 என்றால் 23.4 சதவீதம். இந்த இரண்டு பிள்ளைகளும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சூத்திரமே இருவருக்கும் வேறு வேறாக இருக்கும்போது அண்ணன் எண்ணையும் தங்கை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இன்னொன்று. மடிப்பைப் பிடிக்கும் இடம் ஒரு விரற்கடை தள்ளிப் போனாலும் எண் மாறிவிடும். மேலே சொன்ன பையனுக்கே கெண்டைக்காலில் 2 மில்லிமீட்டர் கூடுதலாக விழுந்திருந்தால் 15.7 என்பது 17.2 ஆகிவிடும். அதே பையன், அதே உடம்பு. பழகிய கை அளந்தால்கூட 3, 4 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அதனால் 18-க்கும் 20-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீட்டையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நம் அணியில் பையன்கள் 9-லிருந்து 21 சதவீதம் வரையிலும், பெண்பிள்ளைகள் 17-லிருந்து 28 சதவீதம் வரையிலும் இருக்கிறார்கள். 13 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் கலந்த அணியில் இப்படித்தான் விரிந்து இருக்கும். பெண்பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் பையன்கள் சுமார் 14 வயதிலும் விறுவிறுவென்று உயர்வார்கள். அந்த நேரத்தில் பையனுக்குக் கொழுப்பு சதவீதம் இறங்கும், கை கால் குச்சியாகத் தெரியும். பெண்பிள்ளைக்கு அதே பருவத்தில் ஏறும். ஏறத்தான் வேண்டும். பூப்பெய்துவதற்கும், மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கும், எலும்பு கெட்டிப்படுவதற்கும் உடம்பு சேர்த்து வைக்கும் சேமிப்பு அது. அதைக் குறைக்கச் சொல்வது கதிர் பால் பிடிக்கும்போது வயலுக்குத் தண்ணீரை அடைப்பது போல.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது இதேபோல் அளந்து, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி எண்களைப் படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு 27. யாரோ சிரித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். பார்க்கப் போன என்னிடம் அவள் அம்மா, “நீங்க சொன்ன நம்பரத்தான் சார் செவுத்துல எழுதி வச்சிருக்கா” என்று கூட்டிப் போய்க் காட்டினார். அலமாரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 27 என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டிருந்தாள். தவறு முழுக்க என்னுடையது. அந்தப் பிள்ளை பிறகு தேறி நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று முதல் எந்தப் பிள்ளையின் எண்ணையும் நான் வெளியே சொல்வதில்லை. இந்த முறை பிள்ளைகளிடமே கூடச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் தருகிறேன். பிள்ளை கேட்டால் மறைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். “குண்டு”, “ஒல்லிக்குச்சி” இந்த இரண்டு வார்த்தையும் வீட்டில் வேண்டாம், விளையாட்டுக்குக் கூட வேண்டாம்.

இந்த அளவில் எனக்குக் கவலை தந்தது கூடுதல் எண்கள் கிடையாது. மூன்று பிள்ளைகளுக்கு ஜனவரியைவிட உயரம் கூடியிருக்கிறது, ஆனால் எடை இறங்கியிருக்கிறது, மடிப்பும் மெலிந்திருக்கிறது. வளரும் வயதில் இது சரியில்லை. அந்த மூன்று வீட்டுக்கும் ஏற்கெனவே போன் செய்து பேசி, டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டேன். என்னிடமிருந்து போன் வராதவர்கள் பயப்பட வேண்டாம்.

கொழுப்பு குறைந்தால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓரளவுக்குக் கீழே போனால் நடப்பது நேர்மாறு. களைப்பு, அடிக்கடி சளி காய்ச்சல், ஆறாத கால்வலி, எலும்பில் கீறல். 1997-ல் அமெரிக்காவில் எடையை அவசரமாகக் குறைக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். அங்கே பள்ளி மல்யுத்தத்தில் பையன்களுக்கு 7, பெண்பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே கொழுப்பு போகும்படி எடையைக் குறைக்கவிடக் கூடாது என்று இப்போது விதியே இருக்கிறது. பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயது முடிந்தும் பூப்பெய்தவில்லை என்றாலோ “விளையாடுற பிள்ளைக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அறிவியல் ஆசிரியையிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

சாப்பாடு. காலை 6 மணிக்கு மைதானம், 7.30-க்குப் பயிற்சி முடிகிறது, 9.15-க்கு வகுப்பு. உங்களில் பலர் தீப்பெட்டி ஆபீஸுக்கு 7 மணிக்கே கிளம்பிவிடுவதால் காலையில் சமைத்துக் கொடுத்துவிட முடிவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுப் பார்த்ததில் 23 பேரில் 11 பேர் மதியச் சாப்பாடு வரை வெறும் டீயோடு இருக்கிறார்கள். காலிப்பரைவிட இந்தக் கணக்குத்தான் என்னை உறங்கவிடவில்லை. வருகிற திங்கள் முதல் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையும் ஒரு வாழைப்பழமும் பள்ளியிலேயே கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்னாள் மாணவர்கள் சிலர் செலவை ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, வகுப்புக்கு முன் சாப்பிட ஒரு டப்பாவில் ஏதாவது கொடுத்தனுப்புவது. முந்தின நாள் இட்லி, கேப்பைக் களி, தயிர் ஊற்றிய பழைய சோறு எதுவானாலும் நல்லது. முடிந்த நாளில் ஒரு முட்டை. பையில் இரண்டு கடலைமிட்டாய் எப்போதும் கிடக்கட்டும். நம் ஊர்ச் சரக்கு, ஓடுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல நொறுக்குத்தீனி எனக்குத் தெரியாது. புரோட்டீன் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

எண் கூடுதலாக இருக்கும் பிள்ளைக்கும் இதே சாப்பாடுதான். சோற்றைக் குறைக்காதீர்கள். பாட்டில் குளிர்பானத்தையும் சாயங்கால பரோட்டாவையும் குறைத்தால் போதும், மற்றதை மைதானத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த அளவு ஜனவரியில். அதே கருவி, அதே கைகள், அதே காலை நேரம். இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது பிள்ளையின் பழைய எண்ணோடு புது எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனி அளக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் கேட்க மாட்டேன். அதனால் பிள்ளையின் இடத்துக்கு எந்தக் குறையும் வராது.

வருகிற 19-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி நூலகத்தில் நானும் அறிவியல் ஆசிரியையும் இருப்போம். சந்தேகம் இருப்பவர்கள் வாருங்கள், ஒவ்வொருவராகத் தனியாகப் பேசலாம். வேலை முடிந்து வர நேரமாகும் என்பவர்களுக்காக 7 மணி வரை இருக்கிறேன். காலிப்பரையும் கொண்டு வருகிறேன். விருப்பமிருந்தால் உங்கள் கையிலேயே ஒருமுறை வைத்துப் பாருங்கள், வலிக்காது.

அன்புடன்,
உடற்கல்வி ஆசிரியர், ஹாக்கி பயிற்சியாளர்