வாழ்த்துகள், தலைவியே!

முடிவை வாசித்ததும் உன்னைச் சுற்றி அத்தனை கூட்டம். கையைப் பிடித்துக் குலுக்கக்கூட முடியவில்லை. மாணவர் பேரவைத் தலைவி ஆனதற்கு மனம் நிறைந்த வாழ்த்துகள்டி!

பிரசாரத்தின் கடைசி நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விடுதிக் குழாயில் ராத்திரி தண்ணீர் வருவதில்லை என்று முதலாண்டுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லாரும் கிளம்பிவிட்டோம். நீ மட்டும் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாடி, எத்தனை மணியிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாய். இந்தப் பொறுப்புக்கு வேண்டியது அந்தப் பொறுமைதான். பேரவை நல்ல கையில்தான் போயிருக்கிறது.

நானும் இதே பதவிக்கு நின்றவள் என்று என்னிடம் பேசத் தயங்காதே. நூலகத்தை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கக் கேட்டு நான் வாங்கிய கையெழுத்துகள் நான்கு தாள் இருக்கின்றன. அவை இனி உன்னிடம் இருப்பதுதான் சரி, திங்கட்கிழமை கொண்டு வருகிறேன். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதிலிருந்து குறிப்பெடுப்பது வரை எந்த வேலையானாலும் கூப்பிடு.

அப்புறம், உன் தொண்டை கட்டியே போய்விட்டது. இன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லாமல் நன்றாகத் தூங்கு.