நான்காம், ஐந்தாம் தளங்களுக்கான அவசர வெளியேற்றத் திட்டம்: மாற்றுத்திறனாளிப் பணியாளர்களும் துணையாளர்களும்

பெறுநர்: இரு தளங்களிலும் பகல், இரவு ஷிஃப்ட்டுகளில் பணிபுரியும் அனைவரும், வரவேற்பு மேசை, காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கேன்டீன் ஊழியர்கள்
அனுப்புநர்: பாதுகாப்பு அலுவலர், கிண்டி அலுவலகம்
நடைமுறைக்கு வரும் நாள்: ஜூலை 1

நம் பழைய வெளியேற்றத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மாற்றுத்திறனாளிகள் தத்தம் இருக்கையிலேயே உதவிக்காகக் காத்திருக்க வேண்டும்." அந்த வரி நீக்கப்படுகிறது. யார் வருவார், எப்போது வருவார், உள்ளே ஒருவர் இருப்பது வெளியே நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எதையுமே சொல்லாமல் ஒருவரைப் புகைக்குள் உட்காரச் சொல்வது திட்டமாகாது. தீயணைப்பு வண்டி நிச்சயம் வரும். அது வந்து சேரும் வரையிலான நிமிடங்களுக்கு நாம்தான் பொறுப்பு.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில், 69-ஆம் தளத்தில் பணியாற்றிய சக்கர நாற்காலிப் பயனாளர் ஒருவரை உடன் பணிபுரிந்த பத்துப் பேர் படிக்கட்டு வழியாகவே கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1993-இல் அங்கு குண்டு வெடித்த பிறகு வாங்கி வைத்திருந்த படியிறங்கு நாற்காலி அன்று கைகொடுத்தது. அதே கோபுரத்தின் 27-ஆம் தளத்தில் சக்கர நாற்காலியில் இருந்த இன்னொருவர் உதவிக்காகக் காத்திருந்தார். விட்டுப்போக மனமில்லாமல் அவருடைய நண்பரும் உடன் இருந்தார். இருவரும் உயிர்பிழைக்கவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே இத்திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஆபத்துக் காலத்திலும் பேரிடரிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 8-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியதுதான்.

நம் இரு தளங்களிலும் ஏழு மாற்றுத்திறனாளிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, அவரவருக்கான தனித் திட்டத்தை ஒரு பக்கத் தாளில் எழுதியிருக்கிறோம். அந்தத் தாள் அவரிடமும், அவருடைய துணையாளர்களிடமும், வரவேற்பு மேசையில் உள்ள சிவப்புக் கோப்பிலும் மட்டும் இருக்கும். இந்தச் சுற்றறிக்கையில் உள்ளவை அனைவரும் அறிய வேண்டியவை. ஏழு பேரும் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிடப்படுகின்றன.

கட்டடம்

தரைத்தளமும் ஆறு மாடிகளும் கொண்ட நம் கட்டடம் ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு புகலிடப் பகுதியைக் கட்டாயமாக்குவது 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு. ஒரு மீட்டர் குறைவு என்பதால் நமக்கு அது இல்லை. ஆகவே வடக்குப் படிக்கட்டே நம் முதன்மை வழி. அது ஒன்றரை மீட்டர் அகலமானது. ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புக் கதவு உண்டு. சாலையைப் பார்த்த ஜன்னலும் உண்டு. தெற்குப் படிக்கட்டு குறுகலானது, அதன் திருப்பங்களில் படியிறங்கு நாற்காலியைத் திருப்ப முடியாது. நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும் அது மாற்றுவழி.

வடக்குக் கதவைக் காற்றுக்காகக் கட்டை வைத்துத் திறந்து வைக்கும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். அந்தக் கதவு மூடியிருந்தால்தான் புகை படிக்கட்டுக்குள் நுழையாது. கேன்டீன் தண்ணீர்க் கேன்களைக் கதவுக்கு வெளியே அடுக்குவதும் கூடாது. காவலர்கள் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இரு தளங்களின் கதவுகளையும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தீயின்போது லிஃப்ட்டை யாரும் பயன்படுத்தக் கூடாது.

கூடுமிடம் இனி பின்பக்கத் தோட்டம் அல்ல. அங்கே போக மூன்று படிகளும் சரளைக்கல் பாதையும் உள்ளன. சாய்தளம் இருக்கும் கிழக்கு வாயிலின் வேப்ப மரத்தடிக்கு அது மாற்றப்பட்டுள்ளது.

நடமாட்டத்தில் உதவி தேவைப்படுவோர்

ஐந்தாம் தளக் கணக்குப் பிரிவில் மின் சக்கர நாற்காலியில் பணிபுரியும் அம்மையாரைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அவரிடமே கேட்டோம். தன் குழுவை விட்டுத் தனியாக உட்கார விருப்பமில்லை என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருடைய நாற்காலி ஏறத்தாழ 110 கிலோ. அதை அவரோடு சேர்த்துத் தூக்க யாரும் முயலக் கூடாது. நாற்காலியும் சரியும், தூக்குபவர்களும் விழுவார்கள். வடக்குப் படிக்கட்டின் ஐந்தாம் தள மேடையில், மஞ்சள் உறையில், படியிறங்கு நாற்காலி சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் பின்புறம் உள்ள ரப்பர் பட்டைகள் படிகளின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கும். எடை முழுவதும் இயக்குபவர் கையில் விழாது. பயிற்சி பெற்ற ஒருவரால் இயக்க முடியும் என்றாலும், முன்னால் இன்னொருவர் இறங்கியபடி வழிவிடச் சொல்ல வேண்டும்.

அபாயமணி ஒலித்ததும் கணக்குப் பிரிவின் இரு துணையாளர்களும் அவரிடம் செல்வார்கள். தன் நாற்காலியிலிருந்து மாறுவது எப்படி என்பதை அவரே சொல்வார். இடது பக்கம் ஒரு கை தாங்கினால் அவரே மாறிக்கொள்வார். தோளைப் பிடித்து இழுக்காதீர்கள். மார்பிலும் காலிலும் பட்டையைக் கட்டிய பிறகே நகர வேண்டும். அவருடைய சொந்த நாற்காலியைக் கதவை மறைக்காமல் உட்புறச் சுவரோரம் விட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் அது இருக்காது என்பதால், வரவேற்பு மேசைக்குப் பின்னால் மடக்குச் சக்கர நாற்காலி ஒன்று எப்போதும் வைக்கப்பட்டிருக்கும். அதைக் கிழக்குக் கதவுக்குக் கொண்டுவருவது வரவேற்பாளரின் வேலை.

எல்லோரும் இறங்கி முடித்த பிறகு அவரை இறக்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நாற்காலி சுவரோரமாக இறங்கும். மற்றவர்கள் கைப்பிடிப் பக்கமாகக் கடந்து செல்லலாம். பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்தாதீர்கள்.

வடக்குப் படிக்கட்டிலேயே புகை இருந்தால் சாலையைப் பார்த்த சந்திப்பு அறைக்குள் சென்று கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னல் வழியாகத் தெரியும்படி துணியை அசைக்க வேண்டும். ஒரு துணையாளர் உடன் இருப்பார். மற்றவர் தெற்குப் படிக்கட்டு வழியாக இறங்கி, எந்தத் தளம், எந்த அறை, எத்தனை பேர் என்று தீயணைப்பு அலுவலரிடம் நேரில் சொல்வார். உள்ளே இருப்பவர் 101-ஐயும் வரவேற்பு மேசையையும் அழைத்துத் தொடர்பை வைத்திருக்க வேண்டும்.

நான்காம் தளத்தில் ஊன்றுகோலுடன் நடக்கும் சகோதரர் தாமாகவே இறங்குவார், ஆனால் மெதுவாக. ஒரு துணையாளர் அவருக்கு ஒரு படி கீழே, சற்றுப் பக்கவாட்டில் வர வேண்டும். அவர் கேட்காமல் ஊன்றுகோலை வாங்காதீர்கள். வலி அதிகமானால் அவரே சொல்வார். அப்போது நான்காம் தள மேடையில் உள்ள இரண்டாவது படியிறங்கு நாற்காலி.

காது கேளாத பணியாளர்கள்

தரவுப் பதிவுப் பிரிவில் மூவர் இருக்கிறார்கள். நம் அபாயமணி எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அவர்களுக்கு அது இல்லாத மணி. பளிச்சிடும் சிவப்பு விளக்குகள் பணிக்கூடத்தில் மட்டுமன்றிக் கழிப்பறைகள், கேன்டீன், ஓய்வறை ஆகியவற்றிலும் பொருத்தப்பட்டுள்ளன. கழிப்பறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: ஒருவர் தனியாக, கதவைத் தாழிட்டு இருக்கும் இடம் அது. அதிரும் மணிப்பட்டைகள் மூவருக்கும் தரப்பட்டுள்ளன. மின்னூட்டம் இருக்கிறதா என்பதை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கேட்டுக்கொள்வார்.

மணி ஒலித்ததும் வரவேற்பு மேசையிலிருந்து எல்லோர் கைபேசிக்கும் இந்தக் குறுஞ்செய்தி போகும்:

"தீ. உடனே வெளியேறுங்கள். வடக்குப் படிக்கட்டு. லிஃப்ட் வேண்டாம்."

வழி மாறினால் இரண்டாம் செய்தி வரும். ஆனால் கைபேசி மேசையில் கிடக்கலாம், ஆகவே செய்தி போனது என்பதால் செய்தி சேர்ந்தது என்று கொள்ள முடியாது. துணையாளர் நேரில் சென்று, பார்வையில் படும்படி நின்று, தோளைத் தொட்டு, கையால் வாசலைக் காட்ட வேண்டும். தீ, படிக்கட்டு, நில், என்னோடு வா, வேறு வழி ஆகிய ஐந்து சைகைகளை மூவரும் நமக்குக் கற்றுத்தர முன்வந்திருக்கிறார்கள். மின்சாரம் போய்விட்டால் சைகையும் தெரியாது, உதட்டசைவும் தெரியாது. டார்ச் ஒளியைப் பேசுபவரின் முகத்திலும் கையிலும் காட்டுங்கள், அவர்கள் கண்ணில் அடிக்காதீர்கள். கூடுமிடத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணும்போது "பதில் இல்லை" என்று எழுதும் முன் திரும்பிப் பாருங்கள்.

பார்வை மாற்றுத்திறனாளிகள்

தரச் சோதனைப் பிரிவில் முழுமையாகப் பார்வையற்ற ஒருவரும், குறைபார்வை உள்ள ஒருவரும் இருக்கிறார்கள். நாள்தோறும் ஒலியை வைத்து வழி கண்டுகொள்பவருக்கு, மணியின் அலறல் அந்த ஒலிகளையெல்லாம் அடித்துவிடும். அருகில் சென்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள், என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். அவருடைய கையைப் பிடித்து இழுப்பதும், முதுகில் கைவைத்துத் தள்ளுவதும் ஆபத்து. வெள்ளைக்கோல் அவரிடமே இருக்கட்டும்.

ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு அடுக்குகள், அடுக்குக்கு 11 படிகள்; ஐந்தாம் தளத்திலிருந்து தரைவரை 110. ஒவ்வொரு அடுக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லிவிடுங்கள். வெளியே வந்ததும் அவரை வண்டிகள் நிற்கும் இடத்தில் தனியாக விட்டுவிட்டு நண்பர்களைத் தேடப் போகக் கூடாது. குறைபார்வை உள்ளவருக்காகப் படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டப்பட்டுள்ளது. கதவருகே தொட்டுணரும் தளஎண் பலகைகள் ஜூன் இறுதிக்குள் பொருத்தப்படும்.

துணையாளர்களும் இரவு ஷிஃப்ட்டும்

திட்டம் தோற்கும் இடம் இதுதான். பகலில் எல்லாம் சரியாக இருக்கும்; துணையாளர் விடுப்பில் போன நாளில், இரவு இரண்டு மணிக்கு, மாடியில் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும்போது ஓட்டை தெரியும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிஃப்ட்டுக்கு இரு துணையாளர்கள், மூன்றாவதாக ஒரு மாற்று ஆள். துணையாளர் விடுப்பு கேட்டால், மாற்று ஆள் உறுதியான பிறகே மேற்பார்வையாளர் அதை ஏற்க வேண்டும். படியிறங்கு நாற்காலிப் பயிற்சி பெற்ற ஒருவராவது இல்லாத இரவு ஷிஃப்ட் நடக்காது. வேலை தேங்கினால் தேங்கட்டும்.

துணையாளராக இருப்பது விருப்பத்தின் பேரில் மட்டுமே. முதுகுவலி, இதய நோய் உள்ளவர்கள் தயங்காமல் மறுக்கலாம். இன்னார் துணையாக வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கும் உண்டு.

கால் முறிவு, கர்ப்பம், ஆஸ்துமா, மூட்டுவலி என்று தற்காலிகமாகப் படியிறங்கச் சிரமப்படுபவர்கள் உள்தொலைபேசி 500-இல் சொன்னால் அன்றே துணையாளர் ஏற்பாடு செய்யப்படும். காரணம் கேட்கப்படாது. மாற்றுத்திறனாளி விருந்தினர் வந்தால், அவரைச் சந்திப்பவரே துணையாளர்.

ஒத்திகை

முதல் ஒத்திகை ஜூலை 18 மாலை 4 மணிக்கு. இரவு ஷிஃப்ட்டுக்கு அன்றிரவு 11 மணிக்கு. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கணக்குப் பிரிவு அம்மையாருக்குப் பதிலாக வேறொருவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்க்க மாட்டோம். தாமே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். முந்தைய நாள் அவரோடு பட்டைகளையும் மாறும் முறையையும் மட்டும் சரிபார்ப்போம். ஒத்திகை முடிந்த மறுநாள் ஏழு பேரிடமும் முதலில் கருத்துக் கேட்கப்படும். அதன்படி தனித் திட்டத் தாள்கள் திருத்தப்படும்.

துணையாளராக வர விரும்புவோர் ஜூன் 20-க்குள் பெயர் தரவும். ஐந்தாம் தள இரவு ஷிஃப்ட்டுக்கு இன்னும் இருவர் தேவை.

பாதுகாப்பு அலுவலர்
உள்தொலைபேசி 500