தம்பிக்கு: சுவரில் ஓட்டை போடாமல் மாட்ட

தம்பி, சுங்கை சிப்புட் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைப் படித்தேன். சுவரில் துளை போடக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. போட்டால் டெப்பாசிட்டில்தான் கை வைப்பார்கள். அதனால் ஆணி வேண்டாம். லேசான சாமான்களுக்கு, இழுத்தால் நீண்டு கழன்று வரும் ஒட்டும் பட்டையும் ஒட்டுக் கொக்கியும் போதும்.

வாங்குவதற்கு முன் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அங்கே எதுவும் நிற்காது. பட்டை பிடிப்பது பெயிண்டை. அந்தப் பெயிண்டே சுவரை விட்டு உரிந்து வந்துவிடும். சொரசொரப்பான சிமெண்டுச் சுவரும் அப்படித்தான். வழவழப்பான பெயிண்ட், கதவுப் பலகை, டைல்ஸ், கண்ணாடி இவை நல்ல இடங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு வாரமாவது விட்டுவிடு.

ஒட்டும் இடத்தை பார்மசியில் விற்கும் ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடு. சோப்புத் தண்ணீர் மெல்லிய படலம் விட்டுப்போகும், பட்டை வழுக்கும். பிறகு 30 விநாடி நன்றாக அழுத்து. உடனே மாட்டாதே, ஒரு மணி நேரம் பொறு.

எடைதான் முக்கியம். பாக்கெட்டில் 1.3 கிலோ என்று போட்டிருந்தால் அது நல்ல சுவரில், சரியாக ஒட்டினால் தாங்கும் உச்சம். நம் ஊர் ஈரத்துக்கும் மதிய வெயிலில் காயும் சுவருக்கும் நான் பாதிதான் கணக்கு வைப்பேன், 650 கிராம். காலண்டர், சாவிக்கொத்து, சின்னப் போட்டோ சட்டம் சரி. மோட்டார் ஹெல்மெட் வேண்டாம், அதுவே ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். நனைந்த மழைக்கோட்டும் வேண்டாம். காய்ந்திருக்கும்போது எவ்வளவு லேசு என்று பார்த்து ஏமாறாதே.

அம்மா கொடுத்த சாமி படத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கண்ணாடிச் சட்டம், அதற்கு மேல் வெள்ளிக்கிழமைக்குப் பூமாலை, கீழே விளக்குச் சூடு. மூன்றும் சேர்ந்தால் பட்டை இளகிவிடும். அதை அலமாரி மேலேயே வைத்துக் கும்பிடு. கட்டிலுக்கு மேலே எதையும் ஒட்டாதே.

கழற்றும்போது பட்டையின் வாலைப் பிடித்து, சுவரை ஒட்டியே நேராகக் கீழ்நோக்கி மெதுவாக இழு. ரப்பர் போல நீண்டுகொண்டே வந்து தானாக விடும். உன் பக்கம் இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். நடுவில் அறுந்துவிட்டால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, பின்பக்கம் தையல் நூலை விட்டு இப்படியும் அப்படியும் அறு.

சனிக்கிழமை வரும்போது என் சமையல் தராசைக் கொண்டுவருகிறேன். அதுவரை அப்பாவின் சுவர்க் கடிகாரம் மேசையிலேயே இருக்கட்டும்.

அக்கா