யார் சொல்வதைக் கேட்பது? மேலாண்மைக் கோட்பாடுகள் வினாடி வினா

நேரம் 20 நிமிடம். வினாக்கள் 8. பிரான்ஸின் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபேயோல் 1916-இல் வெளியிட்ட 14 கோட்பாடுகளில் சிலவற்றை வைத்தே பெரும்பாலான கேள்விகள். பதினான்கையும் ஒப்பிப்பது சுலபம். ஒரு சண்டையைக் காட்டி "இங்கே எது மீறப்பட்டது?" என்று கேட்டால்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் எல்லாமே சம்பவங்கள். விடைகளை முதலில் பார்க்காதீர்கள்.

1. காலை 10 மணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் ஊழியரிடம், "மதியத்துக்குள் இருப்புக் கணக்கை முடித்துவிடு" என்கிறார். 10.20-க்கு விற்பனை மேலாளர் வந்து, "அதை அப்புறம் பார்க்கலாம், இந்த 40 பெட்டிகளை ஏற்று" என்கிறார். மதியம் இரண்டு வேலையும் பாதியில் நிற்கிறது. திட்டு இரண்டு பக்கமும். மீறப்பட்டது எது?
அ) கட்டுப்பாடு ஆ) கட்டளை ஒருமை இ) நெறிப்படுத்தல் ஒருமை ஈ) வேலைப் பகிர்வு

2. ஒரே புதிய பொருளை விளம்பரப்படுத்த இரண்டு குழுக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மேலாளர்தான். ஆனால் முதல் குழு "விலை குறைவு" என்கிறது, இரண்டாவது குழு "உயர்தரம், அதனால் விலை அதிகம்" என்கிறது. மீறப்பட்டது எது?
அ) கட்டளை ஒருமை ஆ) முன்முயற்சி இ) நெறிப்படுத்தல் ஒருமை ஈ) சமநீதி

3. சட்டைத் தொழிற்கூடத்தில் ஒருவர் துணி வெட்ட, ஒருவர் காலர் தைக்க, மற்றவர் பொத்தான் வைக்கிறார். இது எந்தக் கோட்பாடு?

4. கிளையின் நஷ்டத்துக்குக் கிளை மேலாளரே பதில் சொல்ல வேண்டும். ஆனால் பழுதான பிரிண்டரைச் சரிசெய்யக்கூட அவர் தலைமையகத்தின் அனுமதிக்குக் காத்திருக்கிறார். எது சமமாக இல்லை?

5. உற்பத்திப் பிரிவின் ஃபோர்மேனும் பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேனும் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள். இயந்திரம் நின்றதும், தங்கள் மேலதிகாரிகளின் சம்மதத்தோடு, இருவரும் நேரடியாகப் பேசிச் சரிசெய்கிறார்கள். பிறகு மேலே தெரிவிக்கிறார்கள். இது படிநிலைச் சங்கிலியை மீறியதா?

6. பணிமனைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு கொக்கி, கொக்கியின் கீழே எண்.
அ) கட்டுப்பாடு ஆ) ஒழுங்கமைவு

7. வேலை பழகுவதற்குள் ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள். பழகியதும் மீண்டும் மாற்றம். எந்தக் கோட்பாடு அடிபடுகிறது?

8. சரியா, தவறா? ஒரு தொழிலாளி எட்டு ஃபோர்மேன்களிடம் கட்டளை பெறும், அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் முறை, கட்டளை ஒருமைக்கு நல்ல உதாரணம்.

விடைகள்

1 — ஆ. பலர் "கட்டுப்பாடு" என்று எழுதுவார்கள். ஊழியர் மேல் என்ன தப்பு? அவர் இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்துதான் மாட்டிக்கொண்டார். விற்பனை மேலாளர் செய்திருக்க வேண்டியது, மேற்பார்வையாளரிடம் போய் "உங்கள் ஆளை ஒரு மணி நேரம் தருவீர்களா?" என்று கேட்பது. எது முதல் வேலை என்பதை மேற்பார்வையாளர் சொல்வார்; ஊழியருக்குக் குரல் ஒன்றுதான் கேட்கும்.

2 — இ. இந்தக் கேள்வியில்தான் மதிப்பெண் பறிபோகிறது. கட்டளை ஒருமை ஆளைப் பற்றியது: ஒருவருக்கு ஒரு மேலதிகாரி. நெறிப்படுத்தல் ஒருமை வேலையைப் பற்றியது: ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரு தலைவர், ஒரு திட்டம். இங்கே யாரும் இரண்டு மேலாளர்களிடம் சிக்கவில்லை. பொருள்தான் இரண்டு திட்டங்களிடம் சிக்கிக்கொண்டது. ஃபேயோலின் பார்வையில், நெறிப்படுத்தல் ஒருமை இல்லாமல் கட்டளை ஒருமை நிலைக்காது. ஆனால் முதலாவது இருப்பதாலேயே இரண்டாவது வந்துவிடாது.

3 — வேலைப் பகிர்வு. ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசிப் பட்டறையை வைத்துச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தும்: பத்துப் பேர் பிரித்துச் செய்தால் ஒரு நாளில் 48,000 ஊசிகள், பழக்கமில்லாத ஒருவர் தனியாகச் செய்தால் இருபதுகூடத் தேறாது. பகிர்வுக்கும் எல்லை உண்டு என்று ஃபேயோல் சொன்னதைச் சேர்த்து எழுதினால் நல்லது.

4 — அதிகாரமும் பொறுப்பும். பொறுப்பு முழுதாக இருக்கிறது, அதிகாரம் கொஞ்சம்கூட இல்லை.

5 — இல்லை. இதற்கு ஃபேயோல் வைத்த பெயர் இணைப்புப் பலகை. கரையிலிருந்து படகுக்குப் போடும் பலகை போன்ற குறுக்கு வழி. ஒரே மட்டத்தில் இருக்கும் இருவர் பேச, செய்தி ஒரு பக்கம் உச்சி வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டுமென்றால், அதற்குள் இயந்திரம் எத்தனை மணி நேரம் நிற்குமோ! மேலதிகாரிகளுக்குச் சொல்லாமல் செய்திருந்தால் மட்டும் விடை மாறும்.

6 — ஆ. பொருளுக்கும் ஆளுக்கும் உரிய இடம் என்பது ஒழுங்கமைவு. கட்டுப்பாடு என்பது விதிகளுக்கும் ஒப்பந்தத்துக்கும் கீழ்ப்படிதல்.

7 — பணி நிலைத்தன்மை.

8 — தவறு. வேகம், பழுது, தரச் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோர்மேன் இருப்பது டெய்லர் முறை. ஃபேயோல் நேரடியாகவே இதை எதிர்த்தார். வேகம் பார்ப்பவர் "சீக்கிரம்" என்பார், தரம் பார்ப்பவர் "நிதானமாக" என்பார். முதல் கேள்வியின் கிடங்கு ஊழியர் நினைவுக்கு வருகிறாரா? அவருக்காவது தலைவலி இரண்டு பேரிடமிருந்துதான்.