மண்டப ஒப்பந்தம்: எல்லாரும் ஒரு தடவை படித்துவிடுங்கள்

அப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லாருக்கும்,

மண்டபத்தில் கொடுத்த நான்கு பக்கத்தையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நமக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

வாடகை 1,80,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 32,400. ஆக 2,12,400. அப்பா கட்டிய அட்வான்ஸ் 75,000 போக மீதி 1,37,400. அதோடு டெபாசிட் 25,000 சேர்த்து ஜனவரி 12-க்குள் கட்ட வேண்டும். கரண்டுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள்.

சித்தப்பா, ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுசாக வந்துவிடும் என்றீர்களே, அப்படி இல்லை. நவம்பர் 13-க்குள் எழுத்தில் சொன்னால் முக்கால் பங்கு வரும். டிசம்பர் 28 வரை பாதி. அதற்குப் பிறகு ஒரு பைசா கிடையாது. போனில் சொன்னால் செல்லாது. தேதியை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் அந்தத் தேதி காலியாக இருந்தால்தான்.

நேரம்தான் எனக்குக் கவலை. பிப்ரவரி 10 புதன் மாலை 3 மணிக்குச் சாவி தருவார்கள், 11 வியாழன் மாலை 3 மணிக்கு நாம் காலி செய்து கொடுக்க வேண்டும். தாண்டினால் மணிக்கு 5,000. முகூர்த்தம் 7.30-9 என்றாலும் கடைசிப் பந்தி முடிய 2 ஆகிவிடும், நம் வீட்டு ஆட்கள் கதை பேசாமல் கிளம்புவார்களா என்ன! அதனால் சீர்வரிசைச் சாமான் ஏற்ற வண்டியை 1 மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். சமையல்காரர் முதல் நாள் பகல் 12-க்கே அடுப்பு மூட்ட வேண்டும் என்றார். மேனேஜரிடம் கேட்டேன், சமையலறையை மட்டும் திறந்துவிடச் சம்மதித்து, ஒப்பந்தத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ரிசப்ஷன் பாட்டுக் கச்சேரி ராத்திரி 10-க்கு நிறுத்திவிட வேண்டும்.

சேதக் கணக்கு டெபாசிட்டில் பிடிப்பார்கள். சுவரில் ஆணி அடித்தால் ஒன்றுக்கு 500; அலங்காரக்காரரிடம் கயிறு, ஸ்டாண்ட் மட்டும்தான் என்று சொல்லியாயிற்று. ஹோம குண்டத்துக்குக் கீழே செங்கல், மணல் போடாமல் கிரானைட் விரிசல் விட்டால் பழுதுபார்க்கும் செலவு முழுவதும் நமக்கு. வெற்றிலை எச்சில், சோபாவில் மஞ்சள் கறை, உடைந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் தனித்தனி ரேட். மேடைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, போட்டோ எடுத்து மேனேஜருக்கே அனுப்பிவிட்டேன்.

பாத்திரம்தான் பெரிய தலைவலி. அண்டா முதல் கரண்டி வரை எண்ணித் தருவார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். மாமா, புதன் 12 மணிக்குச் சமையல்காரரோடு நீங்கள் நின்று எண்ணிக் கையெழுத்துப் போட முடியுமா? முடியாதென்றால் இன்றைக்கே சொல்லுங்கள், வேறு ஆள் பார்க்கிறேன்.